பெரியப்பா சாவும் ஃபைனல் எக்ஸாமும்: டீன் ஆபீஸ் என்னென்ன கேட்கும்?

டிசம்பரும் மே மாசமும் வந்தா ஆலன், ரிச்சர்ட்சன் பக்கம் நம்ம பசங்க அபார்ட்மெண்ட்ல ரெண்டு விஷயம் நிச்சயம்: மேகி பாக்கெட் குவியும், யாராவது ஒருத்தர் "எக்ஸாம் தேதியை மாத்திக் கேட்கலாமா?"ன்னு புலம்புவாங்க. ஊர்ல இந்தக் கேள்வியே கிடையாது. செமஸ்டர் தேர்வுக்கு வரலையா, அரியர், அடுத்த செமஸ்டர்ல பார்த்துக்கோ, அவ்வளவுதான். இங்கே கேட்கலாம். ஆனால் கேட்கிற விதமும் காட்டுகிற காகிதமும் சரியா இருக்கணும்.

ஒரே நேரத்தில் ரெண்டு தேர்வு மாட்டிக்கிறது இருக்கிறதிலேயே சுலபமான கேஸ். நியூ ஜெர்சி ரட்கர்ஸில் இதற்கு விதியே எழுதி வைத்திருக்கிறார்கள்: ஒரே நேரத்தில் ரெண்டு தேர்வு, ஒரே நாளில் ரெண்டுக்கு மேல், அல்லது இடைவெளி இல்லாமல் அடுத்தடுத்து ரெண்டுக்கு மேல் வந்தால் அது மோதல். அட்டவணையே ஆதாரம். வெளியான உடனே மெயில் போட்டால் வேலை முடிந்தது. தேர்வுக்கு முதல் நாள் ராத்திரி போட்டால் எந்தப் புரொஃபசருக்கும் கோபம் வரும்.

கஷ்டமான கேஸ் ஊரில் நடக்கிற சாவு. போன குளிர்காலத்தில் என் ரூம்மேட்டுக்கு நடந்ததைச் சொல்றேன். அவன் படிக்கிற கல்லூரிப் பெயர் வேண்டாம்.

சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சரைக்கு திருநெல்வேலி பக்கத்து கிராமத்திலிருந்து போன். பெரியப்பா போயிட்டார். திங்கள் ஒரு தேர்வு, புதன் இன்னொன்று. இவனுக்குப் பத்து வயசில் அப்பா தவறினதிலிருந்து வளர்த்தது, ஃபீஸ் கட்டினது எல்லாம் அந்தப் பெரியப்பாதான். எட்டு மணிக்கே ரெண்டு புரொஃபசருக்கும் மெயில் போட்டுட்டான், 'என் அங்கிள் இறந்துட்டார்'னு. ஞாயிறு சாயங்காலம் டி.எஃப்.டபிள்யூ.வில் ஏறி, துபாய் வழியா திருவனந்தபுரம், அங்கிருந்து கார். வீட்டு வாசலை மிதிச்சப்போ செவ்வாய்க்கிழமை காலை.

சிக்கல் அந்த மெயிலில்தான் ஆரம்பிச்சது. இங்கே பெரும்பாலும் நெருங்கிய குடும்பம் என்றால் அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர், கணவன் மனைவி, பிள்ளைகள். பல இடங்களில் தாத்தா பாட்டியும் உண்டு. 'அங்கிள்' என்றால் வருஷத்துக்கு ஒரு தடவை தேங்க்ஸ்கிவிங்குக்குப் பார்க்கிற மனுஷன். பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன், அத்தை வீட்டுக்காரர் எல்லாரையும் அந்த ஒரே வார்த்தையில் கொட்டினால் அவர்களுக்கு எப்படிப் புரியும்? ஒரு புரொஃபசர் "ரொம்ப வருத்தம், ஆனால் இது நெருங்கிய உறவில் வராது"ன்னு பதில் போட்டுட்டார்.

அடுத்து டீன் ஆஃப் ஸ்டூடண்ட்ஸ் அலுவலகம். இதைப் பலர் தப்பா புரிஞ்சுக்கறாங்க. அவங்க தேர்வைத் தள்ளி வைக்கிறதில்லை. நம்ம ஆதாரத்தைச் சரிபார்த்து, 'இந்த மாணவருக்கு இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை இப்படி ஒரு நிலைமை'ன்னு எல்லாப் புரொஃபசருக்கும் ஒரே கடிதம் அனுப்புவாங்க. முடிவு பொதுவா புரொஃபசர் கையில். இருந்தாலும் அந்தக் கடிதம் வந்தப்புறம் தொனியே மாறிடும். டெக்சாஸ் கல்விச் சட்டத்தில் 51.911ன்னு ஒரு பிரிவு இருக்கு. மதப் புனித நாளுக்காகத் தேர்வைத் தவறவிட்டால் கல்லூரி விலக்கு தந்தே ஆகணும், பிறகு எழுதவும் விடணும். ஆனால் துக்கம் அதில் வராது.

சரி, என்ன ஆதாரம் கேட்டாங்க? செய்தித்தாள் இரங்கல் குறிப்பு, இறுதிச் சடங்கு நடத்துற நிறுவனத்தோட கடிதம் அல்லது நிகழ்ச்சி நிரல், இல்லைன்னா இறப்புச் சான்றிதழ். கூடவே பயணச் சீட்டு. நம்ம கிராமத்தில் முதல் ரெண்டும் எங்கே இருக்கு? சான்றிதழும் உடனே வராது. கிராமப் பஞ்சாயத்தில் வி.ஏ.ஓ. பதிவு செய்யணும், சட்டப்படி 21 நாளுக்குள் தகவல் கொடுத்தால் போதும். துக்க வீட்டில் யார் அன்னிக்கே போய் அவர் வாசலில் நிற்பாங்க?

காப்பாத்தினது என்ன தெரியுமா? கண்ணீர் அஞ்சலி போஸ்டர்! பேருந்து நிறுத்தத்தில் ஒட்டியிருந்ததைத் தம்பி போனில் படம் எடுத்து அனுப்பினான். பெரியப்பா படம், பெயர், இறந்த தேதி, ஊர், கீழே குடும்பத்தார் வரிசையில் நம்ம ஆள் பெயரும். இதைவிட நல்ல இரங்கல் குறிப்பு எந்த அமெரிக்கப் பத்திரிகையில் வரும்? :-) தமிழ் தெரிந்த வேறொருத்தர் வரிக்கு வரி ஆங்கிலத்தில் எழுதி, கையெழுத்தும் தொலைபேசி எண்ணும் போட்டுக் கொடுத்தார்.

அதிலும் மூணு இடத்தில் இடறியது. முதலில் தேதி. போஸ்டரில் ஞாயிறு, இவன் மெயில் சனிக்கிழமை. ஆள் சாகிறதுக்கு முன்னாடியே மெயில் போட்ட மாதிரி! குளிர்காலத்தில் நமக்கும் ஊருக்கும் பதினொன்றரை மணி நேரம் வித்தியாசம். ஊரில் ஞாயிறு விடிகாலை அஞ்சு மணி, ஆலனில் சனி சாயங்காலம் அஞ்சரை. இதை ஒரு வரி முதலிலேயே எழுதிடணும்.

ரெண்டாவது பெயர். அவனுக்கு இனிஷியல் அவன் அப்பா பெயர், பெரியப்பாவுக்கு அவங்க அப்பா பெயர். பாஸ்போர்ட்டில் ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு எழுத்துகூட இல்லை. குடும்பப் பெயர் ஒண்ணா இருக்கணும்னு எதிர்பார்க்கிறவங்களுக்கு இது சந்தேகமாத்தான் படும். ரேஷன் கார்டு கைகொடுத்தது. பெரியப்பா குடும்பத் தலைவர், இவன் உறுப்பினர், ரெண்டு பெயரும் ஒரே அட்டையில். பள்ளிக்கூடச் சான்றிதழில் பாதுகாவலர்னு அவர் பெயர் இருந்ததையும் சேர்த்தான். 'அங்கிள்' என்கிற வார்த்தையை எடுத்துட்டு, 'பத்து வயதிலிருந்து என் பாதுகாவலராக இருந்த, என் அப்பாவின் அண்ணன்'னு எழுதினதும், முடியாதுன்னு சொன்ன அதே புரொஃபசர் இறங்கி வந்தார்.

மூணாவது, "அடக்கம் ஞாயிறே முடிஞ்சுதே, அப்புறம் ஏன் போகணும்?" நியாயமான கேள்விதான். அவங்க ஊரில் வெளியூர்ல இருக்கிற பிள்ளைகள் வர்ற வரைக்கும் ஒரு வாரம்கூட உடலை வைத்திருப்பாங்க. நம்ம கிராமத்தில் அன்னிக்கே முடிச்சிடுவோம். பதினாறாம் நாள் கருமாதி, அதில் இவனுக்கு என்ன வேலைன்னு ரெண்டு வரி எழுதி, தேதியைக் குறிப்பிட்டான். திரும்பி வர்ற டிக்கெட்டும் அந்தத் தேதிக்குப் பிறகுதான் இருந்தது. இது முக்கியம். ஒருவழி டிக்கெட்டைக் காட்டினால் எந்தத் தேதிக்கு மறுதேர்வு வைக்கிறதுன்னு அவங்களுக்குத் தெரியாது.

முடிவில் ஒருத்தர் ஜனவரியில் தனியா தேர்வு வைத்தார். இன்னொருத்தர் 'இன்கம்ப்ளீட்' போட்டார். இது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். யு.டி. டல்லாஸ் விதிப்படி பாடத்தில் 70 சதவீதமாவது முடிச்சிருக்கணும்; அடுத்த செமஸ்டர் முதல் நாளிலிருந்து எட்டு வாரத்துக்குள் மீதியை முடிக்கலைன்னா அது தானாக எஃப் ஆகிடும். ஐ-20யில் பயணக் கையெழுத்து ஒரு வருஷத்துக்குள் வாங்கினதா, விசா முத்திரை காலாவதி ஆகலையான்னு கிளம்புறதுக்கு முன்னாடி பாருங்க. சென்னையில் புதுசா ஸ்டாம்பிங் போகணும்னா ஜனவரி முதல் வாரத் தேர்வுக்கு ஒத்துக்காதீங்க, இன்கம்ப்ளீட்டே கேளுங்க.

ஆஸ்பத்திரி கேஸ் பத்தி ஒண்ணே ஒண்ணு. 'இன்று எங்களிடம் வந்து போனார்'னு கிளினிக்கில் தர்ற துண்டுச்சீட்டு பல நேரம் எடுபடாது. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை தேர்வு எழுத முடியாத நிலைன்னு டாக்டர் எழுதணும், தேர்வு நாள் அதற்குள் வரணும். என்ன நோய்னு புரொஃபசருக்குச் சொல்ல வேண்டியதில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியை டீன் அலுவலகத்துக்கு மட்டும் கொடுத்தால் போதும்.

ரூம்மேட்டோட இறப்புச் சான்றிதழ் ஜனவரியில்தான் கைக்கு வந்தது. தமிழ்லயும் ஆங்கிலத்திலயும் இருந்ததால மொழிபெயர்ப்பு தேவைப்படலை. அதையும் டீன் அலுவலகத்துக்கு அனுப்பி வைத்தான், அவங்க கோப்பை மூடினாங்க.