சிகிச்சை முடிந்தது, மறுவாழ்வு எங்கே?

என்னிடம் பொருளியல் பயின்ற மாணவர் ஒருவர் இருசக்கர வாகன விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு, இடுப்புக்குக் கீழே இயக்கத்தையும் உணர்வையும் இழந்தார். அறுவைச் சிகிச்சை நல்லபடியாகவே முடிந்தது. வீடு திரும்பியபோது அவர் தாயின் கையில் இருந்தவை மருந்துச் சீட்டும், 'இயன்முறைச் சிகிச்சை தொடரவும்' என்ற ஒற்றை வரியும்தான். இருபதாம் நாள் முதுகின் அடிப்பகுதியில் படுக்கைப்புண் கண்டது. மீண்டும் இரண்டு மாதங்கள் மருத்துவமனைவாசம்.

நாம் உறக்கத்திலும் அறியாமலே புரண்டு படுக்கிறோம். உணர்விழந்த உடலுக்கு அந்த எச்சரிக்கை கிடைப்பதில்லை. எலும்புக்கும் படுக்கைக்கும் இடையே நசுங்கும் தசைக்கு இரத்த ஓட்டம் தடைபட்டு, சில மணி நேரத்திலேயே திசு அழியத் தொடங்குகிறது. எனவே, படுக்கையில் பொதுவாக இரண்டு மணிக்கொரு முறை புரட்டிவிட வேண்டும். சக்கர நாற்காலியில் அரைமணிக்கு ஒரு முறையேனும் உடலைச் சாய்த்து அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். காலையும் இரவும் முதுகின் அடி, இடுப்பெலும்பு, குதிகால் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தபின் அது வெளிறாவிட்டால் புண் தொடங்கிவிட்டது என்று பொருள். கருநிறத் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. சூடு, கடினம், நிறமாற்றம் ஆகியவற்றைக் கொண்டே அறிய வேண்டும்.

அந்தத் தாய் செய்த தவறு, அக்கறையால் விளைந்தது. யாரோ சொன்னதைக் கேட்டு வளையம் போன்ற ரப்பர் குழாயை மகனுக்கு அடியில் வைத்தார். வளையத்தின் விளிம்பு சுற்றிலும் அழுத்தி, நடுப்பகுதிக்கான இரத்த ஓட்டத்தை மேலும் குறைத்துவிடும் என்பதை அவருக்கு எவரும் சொல்லவில்லை. காற்று மெத்தை வாங்கினாலும் புரட்டிவிடும் வேலை குறையலாமே தவிர, நீங்காது என்பதும் அவருக்குத் தெரியாது.

இதில் பொருளியல் கேள்வியும் உண்டு. இரவெல்லாம் இரண்டு மணிக்கொரு முறை விழிப்பவர் பகலில் கூலி வேலைக்குச் செல்ல இயலாது. விபத்தில் மகனின் வருமானம் நின்றது; பராமரிப்பில் தாயின் வருமானமும் நின்றது. மருத்துவமனை ரசீதில் இந்த இழப்பு இடம்பெறுவதில்லை.

தமிழகத்தில் விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 'இன்னுயிர் காப்போம்' திட்டம் உண்டு. வீடு தேடி வரும் இயன்முறைச் சிகிச்சைக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' உண்டு. இரண்டும் 2021-இல் தொடங்கப்பட்டவை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நாளில், அதாவது நோயாளி வீடு திரும்பும் நாளில்தான் இந்தக் குடும்பம் கைவிடப்பட்டது.

அனுப்புவதற்கு ஒரு வாரம் முன்பே, குடும்பத்தில் இருவரேனும் புரட்டுவதையும் தோலைச் சோதிப்பதையும் செவிலியர் முன் தங்கள் கையால் செய்துகாட்ட வேண்டும். ஒருவருக்கு மட்டும் கற்பித்தால், அவர் நோயுறும் நாளில் எல்லாம் நின்றுவிடும். நோயாளியின் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மருத்துவமனையே எழுத்தில் தகவல் அனுப்ப வேண்டும். அந்த ஒரு கடிதம் போயிருந்தால், முதல் வாரத்திலேயே ஒருவர் வந்து அந்த ரப்பர் வளையத்தை அகற்றியிருப்பார்.