இரண்டடி ஏற இருபத்துநாலடி

தாழ்வான பகுதியில் வீடு கட்டுகிறவர்கள் வெள்ளத்துக்குப் பயந்து தரைமட்டத்தை உயர்த்திக்கொண்டே போகிறார்கள். தெருவில் புதிதாகத் தார் போடும்போதெல்லாம் சாலையும் சில அங்குலம் ஏறிவிடுகிறது. வீடு சாலையை விட இரண்டடி மேலே நின்றால்தான் நிம்மதி என்று ஆகிவிட்டது. சிக்கல் என்னவென்றால், ராம்ப் நினைவுக்கு வருவது பூச்சு வேலை முடியும் நேரத்தில்தான். அதற்குள் கேட்டுக்கும் வாசலுக்கும் நடுவே எட்டடிதான் மிஞ்சியிருக்கும். மேஸ்திரி அந்த எட்டடிக்குள்ளேயே இரண்டடி ஏற்றிக் காட்டிவிடுவார். பார்வைக்கு அது ராம்ப்தான். ஆனால் சக்கர நாற்காலியில் இருப்பவர் அதில் தனியாக ஏறவே முடியாது.

ராம்பின் நீளத்தை இருக்கிற இடத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது, ஏற வேண்டிய உயரத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சக்கர நாற்காலிக்கு 1:12 என்பது கணக்கு. ஓரடி ஏற பன்னிரண்டடி நீளம், இரண்டடி ஏற இருபத்துநாலடி. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், போரில் காயமடைந்து திரும்பிய மாணவர்களுக்காகத் திமோத்தி நுஜென்ட் நடத்திய மறுவாழ்வுத் திட்டம் ஒன்று இருந்தது. அதன் ஆய்வுகளை ஒட்டி 1961-இல் வெளியான தரநிர்ணயத்தில் இந்த விகிதம் இடம்பெற்றது. இன்று இந்தியாவின் வழிகாட்டு நெறிகளும் இதையே சொல்கின்றன. 1:12 என்பது அனுமதிக்கப்பட்ட உச்சச் சரிவு. அதைத் தாண்டக் கூடாது என்றுதான் பொருளே தவிர, அதுவே வசதியானது என்று பொருள் இல்லை. கைவலு குறைந்த முதியவருக்கு 1:15 அல்லது 1:20 கிடைத்தால் எவ்வளவோ மேல்.

எடைக்கணக்கு போட்டால் வித்தியாசம் தெரியும். ஆளும் நாற்காலியும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 1:12 சரிவில் பின்னோக்கி இழுக்கும் விசை ஏறக்குறைய 7 கிலோ எடைக்குச் சமம். எட்டடியில் இரண்டடி ஏறும் ராம்பில், அதாவது 1:4 சரிவில், அது 20 கிலோவைத் தாண்டிவிடும். சக்கரத்தைக் கையால் உருட்டுகிறவர் அந்தச் சுமையை ஒவ்வொரு தள்ளலிலும் தாங்க வேண்டும். கையை மாற்றிப் பிடிக்கும் நொடியில் நாற்காலி பின்னால் உருளும். சரிவு கூடக் கூட உடலின் எடை பின்சக்கரத்துக்கும் பின்னால் போவதால், முன்சக்கரம் தூக்கி நாற்காலி மல்லாந்து விழும் ஆபத்தும் உண்டு. இறங்கும்போது, பிடித்து வருகிறவர் அந்த முழு விசையையும் தடுத்து நிறுத்தியாக வேண்டும்.

முப்பதுக்கு நாற்பதடி மனையில் இருபத்துநாலடிக்கு எங்கே போவது? முன்வாசலை விட்டுவிட்டுப் பக்கவாட்டுச் சந்தைப் பார்க்கலாம். அந்தச் சந்து ஐந்தடி அகலம் இருந்தால் வேலை நடக்கும். கேட்டுப் பக்கம் நாற்காலியைத் திருப்ப ஐந்தடி சமதளம், பன்னிரண்டடி ஏற்றம், இளைப்பாற ஐந்தடி சமதளம், மறுபடி பன்னிரண்டடி ஏற்றம், கதவுக்கு முன்னால் ஐந்தடி சமதளம். மொத்தம் முப்பத்தொன்பதடி. நாற்பதடி நீள மனையில் கச்சிதமாக அடங்குகிறது. கைப்பிடிகளுக்கு இடையே நான்கடி அகலம் கிடைக்க வேண்டும். ராம்ப் முடியும் இடத்தில் பக்கக் கதவு மூன்றடிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். இந்தக் கதவைச் சுவர் எழும்பும் முன்பே முடிவு செய்தால் கூடுதல் செலவு அதிகம் இல்லை.

நடுவில் இருக்கும் சமதளத்தைச் சிலர் வீண் என்று நினைத்து நீக்கிவிடுவார்கள். இரண்டரை அடி உயரம் வரை ஒரே ஓட்டமாக ஏறலாம் என்பதால் இந்த வீட்டில் அது கட்டாயம் இல்லைதான். ஆனாலும் வயதானவருக்காகக் கட்டுகிற ராம்பில் அது இருக்கட்டும். கதவுக்கு முன்னால் உள்ள சமதளமோ இல்லாமல் முடியவே முடியாது. பூட்டைத் திறக்க இரண்டு கையையும் சக்கரத்திலிருந்து எடுத்தாக வேண்டும். அந்த இடம் சரிவாக இருந்தால் நாற்காலி அங்கே நிற்காது. இத்தனையும் செய்துவிட்டு இரண்டங்குல நிலைப்படியை அப்படியே விட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். சிறிய முன்சக்கரம் அரை அங்குலத் தடைக்கு மேல் ஏறத் திணறும்.

சந்து மூன்றடிதான் என்றால், ராம்பை வலிந்து திணிக்க வேண்டாம். முற்றத்தில் மண் நிரப்பி, கேட்டிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி வந்து, கடைசி ஓரடிக்கு மட்டும் ராம்ப் கட்டலாம். அதுவும் முடியாத இடத்தில் சிறிய மேடை லிஃப்ட்தான் வழி. செங்குத்தான ராம்பை விட அது பாதுகாப்பானது.

காருக்கு வேறு கணக்கு. இன்ஜின் இழுப்பதால் 1:8 வரை போகலாம். ஓரடி உயரப் போர்ட்டிகோவுக்கு எட்டடி போதும். காருக்குச் சிக்கல் சரிவு தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும்தான். அங்கே திடீரென முறிந்தால் கீழே பம்பர் இடிக்கும், மேலே வயிற்றுப் பகுதி உரசும். இரு முனையிலும் இரண்டு மூன்றடிக்குச் சரிவைப் பாதியாக்கிக் கொடுத்தால் இது தீரும். காருக்கான ராம்பையே சக்கர நாற்காலிக்கும் வைத்துக்கொள்ளலாம் என்பது பலருடைய எண்ணம். 1:8 சரிவில் அதே 85 கிலோவுக்கு இழுவிசை பத்தரை கிலோ ஆகிவிடுகிறது. தனியாக ஏறுகிறவருக்கு அது அதிகம். காரின் ராம்பைக் கேட்டுக்கு வெளியே நடைபாதை மேல் நீட்டுவது அதைவிடப் பெரிய தவறு. தெருவில் போகும் இன்னொரு சக்கர நாற்காலி அதனால் சாலைக்கு இறங்க வேண்டியிருக்கிறது.

மேற்பரப்பில் செய்யும் தவறுகள் முதல் மழையிலேயே தெரிந்துவிடும். பாலிஷ் போட்ட கிரானைட், வழவழப்பான டைல்ஸ் இரண்டும் ராம்புக்கு ஆகாது. சிமெண்ட் பால் ஊற்றிக் கரண்டியால் இழைத்த தரையும் அப்படித்தான், நனைந்தால் வழுக்கும். மணியாஸ் கட்டையால் தேய்த்து மணல் நெருடலாக விட்டாலோ, ஈரத்திலேயே துடைப்பத்தைக் குறுக்காக இழுத்து மெல்லிய கோடு போட்டாலோ போதும். கார் ராம்பில் வெட்டுகிற ஆழமான பள்ளக்கோடுகளை இங்கே போடக் கூடாது. நாற்காலி ஒவ்வொரு கோட்டிலும் அதிரும், முதுகுத்தண்டில் அடிபட்டவருக்கு அது வேதனை.

தண்ணீர் வழிய வாட்டம் வேண்டும். சமதளத்தில் ஐந்தடிக்கு ஓரங்குலம், கதவிலிருந்து வெளிப்பக்கமாக. அதைவிடக் கூடினால் நாற்காலி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். ராம்பின் அடியில் தண்ணீர் தேங்காதபடி குறுக்கே ஒரு வாய்க்கால், அதன்மேல் இரும்புச் சல்லடை. சல்லடையின் இடைவெளி அரை அங்குலத்துக்குள் இருக்க வேண்டும், கம்பிகள் போகும் திசைக்குக் குறுக்காக வர வேண்டும். நீளவாக்கில் போட்டால் முன்சக்கரம் இடுக்கில் இறங்கிச் சிக்கிக்கொள்ளும். ராம்பின் இரு ஓரத்திலும் மூன்றங்குல விளிம்புக் கட்டை கட்டுங்கள், சக்கரம் வெளியே நழுவாது. அதன் அடியில் ஆங்காங்கே துளை விட்டால்தான் மழைநீர் வெளியேறும்.

ராம்ப் சரியா என்று பார்க்க இன்ஜினியர் தேவையில்லை. நான்கடி நீளமுள்ள நேரான பலகை ஒன்றை ராம்பின் மேல் ஏற்றத்தின் திசையில் வையுங்கள். ரசமட்டத்தை அதன்மேல் வைத்து, குமிழி நடுவில் நிற்கும் வரை தாழ்ந்த முனையைத் தூக்குங்கள். அந்த முனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி நான்கு அங்குலத்துக்குள் இருந்தால் 1:12 சரி. ஆறு அங்குலம் வந்தால் அது காருக்கான சரிவு. ஓரடி வந்தால் 1:4, உடைத்துக் கட்ட வேண்டியதுதான். இந்தச் சோதனையைக் கான்கிரீட் போடும் முன், மண் சரிவு தயாரான அன்றே மேஸ்திரியை அருகில் வைத்துக்கொண்டு செய்துவிடுங்கள்.