பல் மருத்துவர்கள் மிகையா, குறைவா? மூன்று எண்கள் சொல்லும் கணக்கு

புது தில்லி: ஒரு துறையில் பட்டதாரிகள் தேவைக்கு மேல் பெருகிவிட்டனரா என்பதை அறிய மூன்று எண்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆண்டுதோறும் படித்து வெளிவருவோர் எத்தனை பேர், அவர்களுக்கான காலியிடங்கள் எத்தனை, தொடக்க ஊதியம் எவ்வளவு என்பவையே அவை. ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்குப் பல் மருத்துவப் படிப்பான பி.டி.எஸ். நல்ல எடுத்துக்காட்டு.

2020-21 கல்வியாண்டில் நாடு முழுவதும் இருந்த சுமார் 28 ஆயிரம் பி.டி.எஸ். இடங்களில் ஏறத்தாழ 7 ஆயிரம் இடங்கள் நிரம்பவில்லை. நீட் தேர்வின் தகுதி வரம்பைக் குறைக்க வேண்டும் என்று இந்திய பல் மருத்துவக் கவுன்சில் பரிந்துரைத்தது. மத்திய அரசு மறுத்தது. அப்போது நாட்டில் 2.7 லட்சம் பல் மருத்துவர்கள் பதிவு செய்திருந்தனர். 6,080 பேருக்கு ஒருவர் என்ற விகிதம், 7,500 பேருக்கு ஒருவர் என்ற உலக சுகாதார நிறுவன அளவைவிட மேலானது என்பது அரசின் வாதம். உச்ச நீதிமன்றம் இதை ஏற்காமல், 2021 பிப்ரவரியில் அந்த ஆண்டுக்கு மட்டும் வரம்பை 10 பர்சன்டைல் குறைத்து உத்தரவிட்டது.

அரசு காட்டிய விகிதம், இதுவரை சேர்ந்துள்ள மொத்த மருத்துவர்களின் கணக்கு. புதிதாக வருவோருக்கு இடம் உண்டா என்பதை அது சொல்லாது. அதற்கு ஆண்டு வரவைப் பார்க்க வேண்டும். நிரம்பிய 21 ஆயிரம் இடங்களையே வைத்துக்கொள்வோம். ஒரு மருத்துவர் 35 ஆண்டுகள் பணியாற்றுவார் எனில், 2.7 லட்சம் பேரில் ஆண்டுக்குச் சுமார் 7,700 பேர் ஓய்வு பெறுவர். மக்கள்தொகை ஆண்டுக்கு 1.2 கோடி கூடுவதாகக் கொண்டால், அதே விகிதத்தைக் காக்க மேலும் 2 ஆயிரம் பேர் போதும். ஆக, 10 ஆயிரத்துக்கும் குறைவான இடங்களுக்கு 21 ஆயிரம் பேர். கல்லூரிகளில் பெரும்பாலானவை கடந்த சில பத்தாண்டுகளில் தோன்றியவை என்பதால், பதிவு செய்தோரில் இளைஞர்களே அதிகம். எனவே உண்மையில் ஓய்வு பெறுவோர் இன்னும் குறைவாகவே இருப்பர்.

இடையில் படிப்பைக் கைவிடுவோரையும், வேறு தொழிலுக்கோ வெளிநாட்டுக்கோ செல்வோரையும் கழித்தால் இடைவெளி சற்றுக் குறையும். மிச்சமுள்ளவர்கள் பிழைக்க வேண்டுமானால், பல் சிகிச்சைக்குச் செலவிடும் மக்கள் ஆண்டுதோறும் பெருக வேண்டும்.

காலியிடங்கள் என்ற இரண்டாவது எண்ணில்தான் பலர் ஏமாறுகின்றனர். கிராமங்களில் பல் மருத்துவர் இல்லை என்பது உண்மை. ஐந்தில் நால்வர் நகரங்களிலேயே தொழில் செய்கின்றனர் என்று அந்த வழக்கிலேயே கூறப்பட்டது. ஆனால் தேவை வேறு, காலியிடம் வேறு. பணியிடம் அனுமதிக்கப்பட்டு, நிதி ஒதுக்கப்பட்டு, தேர்வு அறிவிக்கை வெளியானால்தான் அது புதிய பட்டதாரிக்கு வேலை. அனுபவம் கேட்கும் விளம்பரங்களையும், ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வரும் விளம்பரங்களையும் கழித்துவிட்டே எண்ண வேண்டும்.

எளிதில் மறைக்க முடியாத எண் தொடக்க ஊதியம். ஆள் பற்றாக்குறை மெய்யானால் ஊதியம் விலைவாசியை முந்தும். உதாரணமாக, ஒரு நகரில் ஐந்து ஆண்டுகளுக்கு முன் புதியவருக்கு 20 ஆயிரம் ரூபாய் கொடுத்திருந்தால், ஆண்டுக்கு 5 சதவீத விலையேற்றத்தில் இன்று 25,500 கொடுத்தால்தான் அது பழைய ஊதியத்துக்குச் சமம். இன்றும் அதே 20 ஆயிரம் என்றால், துறையில் நெரிசல் என்று பொருள். சிகிச்சைக் கட்டணத்தில் பங்கு தருவதாகச் சொல்லும் இடங்களில், நிலையான மாதத் தொகையை மட்டுமே ஒப்பிட வேண்டும். 2016-இல் நடைமுறைக்கு வந்த ஏழாவது ஊதியக் குழுவின்படி மத்திய அரசுப் பல் மருத்துவரின் தொடக்க அடிப்படை ஊதியம் 56,100 ரூபாய். ஆனால் மிகச் சிலருக்கே கிட்டும் அந்தத் தொகையைக் கொண்டு துறை முழுவதையும் அளக்க முடியாது.

நிரம்பாத இடங்களை மட்டும் பார்த்து, படிப்புக்கே மவுசு இல்லை என்று முடிவு கட்டுவதும் தவறு. 2020-21-இல் காலியாக இருந்தவற்றில் அரசுக் கல்லூரி இடங்கள் 265 மட்டுமே. ஏனைய அனைத்தும் தனியார் கல்லூரிகளில் இருந்தவை. கட்டணம் குறைவான இடத்தில் மாணவர் சேர்ந்தனர். தொடக்க ஊதியத்தில் மீட்க முடியாத கட்டணம் கேட்ட இடத்தில் தயங்கினர். அதிகக் கட்டணமே ஒரு காரணம் என்று சுட்டிய நீதிமன்றமும், அதைக் குறைப்பது பற்றித் தனியார் கல்லூரிகள் பரிசீலிக்கலாம் என்றது.

1948-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய பல் மருத்துவ ஆணையச் சட்டம், துறையின் தேவைகளை மதிப்பிடும் பொறுப்பையும், தனியார் கல்லூரிகளில் பாதி இடங்களின் கட்டணத்துக்கு வழிகாட்டு நெறி வகுக்கும் பொறுப்பையும் ஆணையத்திடம் அளித்துள்ளது. பதிவேட்டில் உள்ளோரில் எத்தனை பேர் தொழிலில் இருக்கின்றனர், புதியவர்கள் எவ்வளவு ஈட்டுகின்றனர் என்ற விவரங்களைத் திரட்டாமல் செய்யப்படும் மதிப்பீடு, மீண்டும் அந்த ஒற்றை விகிதத்திலேயே போய் நிற்கும்.