'பரிவர்த்தனை வெற்றி' என்றே பதில் வந்தால், மேலதிகாரிக்கு என்ன எழுதுவது?

மேலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஏடிஎம்மில் அறுப்பு மிஷின் வாடகைக்காக ஒருவர் 10,000 ரூபாய் எடுக்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். கார்டு ஒரு வங்கியுடையது, மிஷின் வேறொரு வங்கியுடையது. உள்ளே நோட்டு எண்ணும் சத்தம் கேட்கிறது, ஆனால் பணம் வரும் வாய் திறக்கவில்லை. திரையில் மன்னிப்பு வாசகம் வருகிறது. வெளியே வருவதற்குள் கணக்கில் 10,000 கழிந்ததாகக் குறுஞ்செய்தியும் வந்துவிடுகிறது. அன்று ஜூன் 10.

மறுநாள் கஸ்டமர் கேரில் புகார் எண் வாங்குகிறார். ஜூன் 14-ல் பதில் வருகிறது: "தங்கள் புகாரை ஆய்வு செய்தோம். பரிவர்த்தனை வெற்றிகரமாக நடந்துள்ளது. புகார் முடிக்கப்பட்டது." ஜூன் 18-ல் மறுபடி புகார் செய்தால் புது எண் தருகிறார்கள், ஒரு வாரத்தில் அதே மூன்று வாக்கியம் திரும்பி வருகிறது. மூன்றாவது முறை இன்னும் சுருக்கமாக, "ஏற்கெனவே பதில் அளிக்கப்பட்டுவிட்டது" என்கிறார்கள்.

இந்த இடத்தில் பலர் கோபத்தோடு நாலு பக்கம் எழுதி வங்கித் தலைவருக்கே அனுப்பிவிடுகிறார்கள். அந்த மெயில் பெரும்பாலும் கீழே இறங்கி, முதலில் பதில் சொன்ன அதே பிரிவுக்கே வந்து சேரும். கேள்வி மாறாதவரை பதிலும் மாறாது. அதனால் அந்த மூன்று வாக்கியம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டுதான் மேலதிகாரிக்கு எழுத உட்கார வேண்டும்.

கஸ்டமர் கேரில் போனை எடுப்பவரின் திரையில் பொதுவாகத் தெரிவது பரிவர்த்தனையின் நிலை மட்டும்தான்: வெற்றி, அல்லது தோல்வி. மிஷினுக்குள் என்ன நடந்தது என்பது அவருக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள அவருக்கு வழியும் இல்லை. உங்கள் புகாரை உங்கள் வங்கி, மிஷின் வைத்திருக்கும் வங்கிக்கு அனுப்புகிறது. அந்த வங்கி ஒத்துக்கொண்டால் பணம் திரும்பும். மறுத்தால், 'பணம் வெளியேறியது' என்று சொல்லும் ஒரு பதிவை இணைத்துத் திருப்பி அனுப்பும். அந்த மறுப்பைத்தான் உங்கள் வங்கி 'வெற்றிகரமாக நடந்துள்ளது' என்று உங்களிடம் சொல்கிறது.

ஆனால் மறுப்போடு விவகாரம் முடிய வேண்டியதில்லை. ஏடிஎம்களை இணைக்கும் வலையமைப்பை நடத்தும் தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகத்தின் நடைமுறையில் அதற்கு மேலும் படிகள் உண்டு. முதல் கோரிக்கைக்குப் பெயர் சார்ஜ்பேக். எதிர் வங்கி மறுத்தால், உங்கள் வங்கி அந்த மறுப்பை ஏற்காமல் ப்ரீ-ஆர்பிட்ரேஷனுக்கும், அதற்கடுத்து ஆர்பிட்ரேஷனுக்கும் போகலாம். மேலே கொண்டுபோகலாமா என்று முடிவெடுப்பது வங்கியின் தகராறுப் பிரிவும் அதற்கு மேலுள்ளவர்களும். போனில் பேசுபவருக்கு அந்த அதிகாரம் இல்லை. மேலதிகாரிக்கு எழுதுவதன் முழுப் பயனும் இதில்தான் இருக்கிறது.

அந்த முடிவுக்கு ஆதாரமாக மூன்று பொருள் உண்டு. முதலாவது, ஏடிஎம் மிஷினின் மின்னணுக் குறிப்பேடு. வங்கிக்காரர்கள் சுருக்கமாக 'ஈஜே' என்பார்கள். எந்த கேசட்டிலிருந்து எத்தனை நோட்டு எடுக்கப்பட்டது, வாய் திறந்ததா, இடையில் பிழைக் குறியீடு விழுந்ததா என்பதெல்லாம் நிமிடம் வாரியாக அதில் பதிவாகும். இரண்டாவது, ரொக்கச் சரிபார்ப்பு அறிக்கை. மிஷினில் பணம் நிரப்ப வரும்போது உள்ளே இருக்கும் நோட்டுகளை எண்ணிக் கணக்கோடு ஒப்பிடுவார்கள். வெளியே வராத நோட்டுகள் மிஷினின் ஒதுக்குப் பெட்டியில் கிடந்தால், நம் உதாரணத்தில் இருபது 500 ரூபாய் நோட்டு கணக்குக்கு மேல் மிஞ்ச வேண்டும். மூன்றாவது, சிசிடிவி பதிவு. இது பழையது அழிந்து புதியது ஏறிக்கொண்டே இருக்கும் பொருள். தாமதித்தால் கையைவிட்டுப் போய்விடும். அதனால் அதைப் பத்திரப்படுத்தச் சொல்லி முதல் புகாரிலேயே எழுதிக் கேட்பது உத்தமம்.

"என் பணம் எங்கே?" என்று நாலாவது முறை கேட்பதை விட்டுவிட்டு, "எந்தப் பதிவைப் பார்த்து இந்த முடிவுக்கு வந்தீர்கள்?" என்று கேளுங்கள். அதற்குத் தயார் பதில் இருக்காது. யாராவது ஒருவர் கோப்பைத் திறந்து பார்த்தாக வேண்டும்.

விதியும் உங்கள் பக்கம் இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20-ல் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் கழிந்திருந்தால், பரிவர்த்தனை நடந்த நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் வங்கி தானாகவே தொகையைத் திருப்ப வேண்டும். இந்த ஐந்து நாள் காலண்டர் நாள், விடுமுறையைக் கழிக்க முடியாது. அதைத் தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. வாடிக்கையாளர் கேட்கட்டும் என்று காத்திருக்காமல், அந்த இழப்பீட்டையும் வங்கியே வரவு வைக்க வேண்டும் என்றும் சுற்றறிக்கை சொல்கிறது. நம் உதாரணத்தில் கெடு ஜூன் 15. ஜூன் 16 முதல் நூறு நூறாக ஏறும். மெயில் எழுதும் நாள் ஜூலை 5 என்றால் இருபது நாள், 2,000 ரூபாய்.

யாருக்கு எழுதுவது? மிஷின் எந்த வங்கியுடையதாக இருந்தாலும், உங்களுக்குக் கார்டு கொடுத்த வங்கிக்குத்தான். "அந்த வங்கியில் போய்க் கேளுங்கள்" என்று கிளையில் சொன்னால் ஏற்க வேண்டாம். வங்கியின் இணையதளத்தில் குறைதீர்ப்புப் பக்கத்தில் நோடல் அதிகாரிகளின் பெயரும் மெயில் முகவரியும் இருக்கும், கிளையின் அறிவிப்புப் பலகையிலும் எழுதியிருப்பார்கள். மதுரை வட்டாரத்துக்கான நோடல் அதிகாரிக்கு எழுதி, கிளை மேலாளருக்கு நகல் போடுவது போதும். அங்கும் நகராவிட்டால் முதன்மை நோடல் அதிகாரி இருக்கிறார். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். கூகுளில் தேடி வரும் 'கஸ்டமர் கேர்' எண்களை நம்பி விடாதீர்கள். ஏமாந்தவர்களைத் தேடிப் பிடிப்பதற்கென்றே அங்கே போலி எண்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

மெயில் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். நம் உதாரணத்துக்கு இப்படி:

> பொருள்: ஏடிஎம்மில் பணம் வராமல் ரூ.10,000 கழிந்தது (ஜூன் 10), மூன்று புகார்கள் விளக்கமின்றி முடிக்கப்பட்டன, மறு ஆய்வு கோருதல்
>
> மதிப்பிற்குரிய நோடல் அதிகாரி அவர்களுக்கு,
>
> ஜூன் 10 மாலை 6.40-க்கு, மேலூரில் உள்ள (வங்கி பெயர், ஏடிஎம் எண்) மிஷினில் ரூ.10,000 எடுக்க முயன்றேன். பணம் வரவில்லை. கணக்கில் கழிந்துவிட்டது. பரிவர்த்தனைக் குறிப்பு எண்: (…). கணக்கின் கடைசி நான்கு இலக்கம்: (…).
>
> ஜூன் 11, 18, 28 ஆகிய நாட்களில் புகார் செய்தேன் (எண்கள்: …). முதல் இரண்டில் 'பரிவர்த்தனை வெற்றி' என்றும், மூன்றாவதில் 'ஏற்கெனவே பதில் அளிக்கப்பட்டுவிட்டது' என்றும் மட்டுமே சொல்லப்பட்டது. எந்தப் பதிவின் அடிப்படையில் என்று சொல்லப்படவில்லை.
>
> கீழ்க்கண்டவற்றுக்கு எழுத்தில் பதில் வேண்டுகிறேன்:
> 1. அந்தப் பரிவர்த்தனைக்கான ஈஜே பதிவின் நகல், அன்றைய ரொக்கச் சரிபார்ப்பு அறிக்கை.
> 2. மாலை 6.35 முதல் 6.50 வரையிலான சிசிடிவி பதிவைப் பத்திரப்படுத்தி ஆய்வு செய்த விவரம்.
> 3. எதிர் வங்கி மறுத்திருந்தால், நம் வங்கி ப்ரீ-ஆர்பிட்ரேஷனுக்குக் கொண்டுபோனதா, இல்லையெனில் காரணம்.
>
> ரூ.10,000-ஐயும், ரிசர்வ் வங்கியின் 20.09.2019 சுற்றறிக்கைப்படி ஜூன் 16 முதல் தொகை வரவாகும் நாள் வரை நாளொன்றுக்கு ரூ.100 இழப்பீட்டையும் (இன்று வரை ரூ.2,000) வரவு வைக்கக் கோருகிறேன். புகாரை நிராகரிப்பதானால், வங்கியின் உள் ஆம்புட்ஸ்மேன் பார்த்த பிறகான இறுதிப் பதிலாக அனுப்புங்கள்.
>
> இணைப்பு: குறுஞ்செய்திப் படம், கணக்கு அறிக்கை, மூன்று பதில்கள்.

கெட்ட வார்த்தையில் திட்டத் தோன்றினாலும் மெயிலில் வசவு வேண்டாம். படிப்பவர் தகராறுப் பிரிவுக்கு ஒரு வரி சேர்த்து அப்படியே அனுப்பும்படி இருந்தால்தான் வேலை நடக்கும். ஸ்லிப் வராமல் போயிருந்தால் ஏடிஎம் எண்ணை மிஷினில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பார்த்து எழுதுங்கள். கார்டின் முழு எண், பின் நம்பர், ஓடிபி எதையும் எழுதக் கூடாது. தமிழில் எழுதத் தயங்கவும் வேண்டாம். தேதி, தொகை, குறிப்பு எண் சரியாக இருந்தால் கோப்பைத் திறக்க அது போதும்.

கடைசிக் கோரிக்கையில் வரும் உள் ஆம்புட்ஸ்மேன் பலருக்கும் தெரியாத ஆள். பெரிய வங்கிகள் ஒரு புகாரை முழுதாகவோ பகுதியாகவோ நிராகரிக்கும் முன் இவர் பார்வைக்கு வைத்தாக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டளையிட்டிருக்கிறது. 'முடிக்கப்பட்டது' என்று வந்த பதிலில் அவர் பார்த்ததாக ஒரு வரியும் இல்லையென்றால், அதை இறுதிப் பதிலாக ஏற்க முடியாது என்று எழுத உங்களுக்கு இடம் இருக்கிறது.

இதற்குப் பிறகும் வங்கி நிராகரித்தாலோ, 30 நாள் பதிலே இல்லாமல் இருந்தாலோ, ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் `cms.rbi.org.in` தளத்தில் புகார் செய்யலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. ஆனால் முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் செய்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கஸ்டமர் கேரில் போனில் மட்டும் பேசியவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். மேலே எழுதிய மெயில் இருந்தால் அந்தக் கவலை இல்லை. காலவரம்பு உண்டு, ஆகவே மாதக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள்.

இந்த வழி செல்லாத இடங்களையும் சொல்லிவிட வேண்டும். பணம் வெளியே வந்து, எடுக்க மறந்து வந்துவிட்டால், ஈஜே பதிவு உங்களுக்கு எதிராகத்தான் நிற்கும். பின்னால் வந்தவர் எடுத்தாரா என்பதை சிசிடிவிதான் சொல்ல வேண்டும். கார்டை வேறு யாரோ பயன்படுத்தி எடுத்திருந்தால் அது மோசடி, விதியும் வேறு, புகாரும் வேறு. நாள் கணக்கு பார்க்காமல் உடனே கார்டை முடக்கி, 1930-க்கும் சொல்லிவிட வேண்டும். பணம் பாதி வந்து பாதி வராத நிலையில் ஈஜேயில் நோட்டு எண்ணிக்கையை வரி வரியாகக் கேட்டு வாங்குங்கள்.

பணம் வரவானதும் அறிக்கையில் இரண்டு வரவு இருக்கிறதா என்று பாருங்கள். 10,000 வந்து இழப்பீடு வராமல் இருப்பது உண்டு. அந்த நாட்களில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்றோ, தவணை திரும்பியது என்றோ வங்கி அபராதம் பிடித்திருந்தால் அதையும் தேதியோடு குறித்துக் கேளுங்கள். இவற்றுக்குப் புதுப் புகார் எண் வாங்க வேண்டாம். அதே மெயிலுக்குக் கீழேயே பதிலாக எழுதுங்கள், ஜூன் 10 முதல் நடந்த அத்தனையும் படிப்பவர் கண்முன் இருக்கும்.