அனுபவம் இல்லையா? திட்ட அறிக்கையில் அதை எப்படி எழுதுவது?

விளைபொருளை மதிப்புக் கூட்டி விற்க நினைத்து வங்கிக்கோ, பி.எம்.எஃப்.எம்.இ. மானியத் திட்டத்துக்கோ விண்ணப்பிக்கிறீர்கள். இயந்திரத்தின் விலைப்பட்டியல், வரவு செலவுக் கணக்கு எல்லாம் தயார். ஆனால் 'தொழில் நடத்துவோர் விவரம்' என்ற பக்கத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிடுகிறது. உணவுத் தொழிலில் ஒருநாள்கூட வேலை பார்த்ததில்லையே, என்ன எழுதுவது?

'உணவு பதப்படுத்துதலில் 10 ஆண்டு அனுபவம்' என்று எழுதிவிடலாம் என்று தோன்றும். விண்ணப்பம் தயாரித்துக் கொடுப்பவரும் சில நேரம் அப்படியே எழுதித் தருவார். இந்த ஒரு வரியே நேர்காணலில் உங்களை மடக்கிவிடும். எப்படி என்று ஓர் எடுத்துக்காட்டில் பார்ப்போம்.

அரவக்குறிச்சிப் பக்கம் 5 ஏக்கரில் முருங்கை வைத்திருக்கும் விவசாயி ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். முருங்கையில் 18 ஆண்டு அனுபவம். அவருடைய அண்ணன் மகள் பி.காம். முடித்து, கரூரில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் 3 ஆண்டு கணக்கு பார்த்தவர். இருவரும் சேர்ந்து முருங்கை இலைப் பொடி தயாரிக்கத் திட்டமிடுகிறார்கள். நாளொன்றுக்கு உருவிய பச்சை இலை 200 கிலோ. அதில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். காய்ந்து, சலித்து, சேதாரம் போக 40 கிலோ பொடி கிடைத்தால் நல்லது.

இந்தக் கணக்கு தெரியாமல் '10 ஆண்டு அனுபவம்' என்று எழுதியவரிடம் அதிகாரி, "200 கிலோ இலைக்கு எவ்வளவு பொடி வரும்? டிரையரில் என்ன வெப்பநிலை வைப்பீர்கள்?" என்று கேட்டால் போதும். பதில் வராவிட்டால், அதற்குப் பிறகு உங்கள் வரவு செலவுக் கணக்கையும் அவர் நம்ப மாட்டார். 18 ஆண்டு முருங்கை வளர்த்தது உண்மையாக இருந்தும் அதற்கும் மதிப்பு இல்லாமல் போகும்.

முதலில் வேலைகளை எழுதுங்கள்

ஆட்களின் பெயரிலிருந்து தொடங்காதீர்கள். ஆலையில் நடக்க வேண்டிய வேலைகளை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். இந்த எடுத்துக்காட்டில் ஐந்து வேலைகள் உள்ளன: இலை சேகரிப்பது, கழுவி உலர்த்தி அரைப்பது, தரம் பார்ப்பது, விற்பது, கணக்கு எழுதுவது. ஒவ்வொன்றுக்கும் எதிரே, அந்த வேலையை ஏற்கெனவே செய்தவர் யார் என்று குறியுங்கள்.

இலை சேகரிப்புக்குச் சித்தப்பா இருக்கிறார். எந்தத் தோட்டத்தில் எப்போது மருந்து அடித்தார்கள், அடித்து எத்தனை நாள் கழித்து இலை பறிக்கலாம் என்பது அவருக்குத் தெரியும். கணக்குக்கு மகள் இருக்கிறார். உலர்த்துவது, தரம் பார்ப்பது, விற்பது ஆகிய மூன்றுக்கும் எதிரே இடம் காலி. அதைக் காலியாகவே விடுங்கள். அந்தக் காலி இடங்களுக்கு என்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள் என்பதைத்தான் இந்தப் பக்கம் சொல்ல வேண்டும்.

ஆலோசகர் போதுமா, ஆள் வேண்டுமா?

காலி இடம் இரண்டு வகை. அவ்வப்போது வழிகாட்டினால் சரியாகிவிடும் வேலை ஒன்று. தினமும் நின்று பார்க்க வேண்டிய வேலை இன்னொன்று. முதல் வகைக்குத்தான் ஆலோசகர் உதவுவார்.

இலையை எத்தனை முறை கழுவுவது, 50 முதல் 55 டிகிரி செல்சியஸில் எவ்வளவு நேரம் உலர்த்துவது, பச்சை நிறம் மாறாமல் ஈரப்பதத்தை எப்படிக் குறைப்பது என்ற முறையை வகுத்துத் தர, ஓய்வுபெற்ற உணவுத் தொழில்நுட்ப ஆசிரியர் ஒருவர் மாதம் 2 நாள் வந்தால் போதும். ஆனால் தினமும் அந்த முறைப்படி நடக்கிறதா என்று அவர் வீட்டிலிருந்து பார்க்க முடியாது. ஒரு நாள் சரியாக உலராத பொடியைப் பையில் அடைத்தால் பூஞ்சை பிடிக்கும். அழுக்குத் தண்ணீரில் கழுவினால் நுண்ணுயிரிப் பரிசோதனையில் சரக்கு முழுவதும் திரும்பி வரும்.

எனவே ஆலையில் நிற்க ஓர் ஆள் வேண்டும். உணவுப் பாதுகாப்பு உரிமம் பெறும் ஆலையில், உற்பத்தியை மேற்பார்வையிட உரிய படிப்புள்ள தொழில்நுட்பப் பணியாளர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது உரிமத்தின் நிபந்தனைகளிலேயே உண்டு. அந்த இடத்தில் ஆலோசகர் பெயரைப் போட்டு நிரப்பாதீர்கள். 'உணவுத் தொழில்நுட்ப டிப்ளமோ படித்தவர் ஒருவரை உற்பத்தி தொடங்கும் முன் நியமிப்போம்' என்று எழுதி, அவர் சம்பளத்தைச் செலவுக் கணக்கில் சேருங்கள்.

விற்பனையும் அப்படியே. மூலிகைப் பொடி வியாபாரம் தெரிந்தவர் விலை சொல்லித் தருவார், வாங்குவோரின் நிபந்தனைகளை விளக்குவார். வாங்குவோரைத் தேடிப் போவதும் பணத்தை வசூலிப்பதும் மகளின் வேலைதான். அதையும் வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

பெயர் போடும் முன்

ஆலோசகரிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள். எந்த வேலைக்கு உதவுகிறார், மாதம் எத்தனை நாள், எத்தனை மாதம், கட்டணம் எவ்வளவு என்ற நான்கும் அதில் இருக்கட்டும். ஒரு வருகைக்கு 3,000 ரூபாய் என்று பேசியிருந்தால், மாதம் 2 வருகை, 6 மாதத்துக்கு 36,000 ரூபாய். இந்தத் தொகை செலவுக் கணக்கிலும் தெரிய வேண்டும். கட்டணம் வேண்டாம் என்று அவர் சொன்னால் அதையும் எழுதுங்கள்.

பயிற்சியில் ஒரு முறை பாடம் எடுத்த பேராசிரியரை ஆலோசகர் என்று போடாதீர்கள். அதிகாரி தொலைபேசியில் கேட்டு, "யார் அவர்கள்?" என்று அவர் திருப்பிக் கேட்டால் கதை முடிந்தது. பணியில் இருக்கும் அரசு அல்லது பல்கலைக்கழக விஞ்ஞானி, துறை அனுமதி இல்லாமல் தனியார் தொழிலுக்குப் பெயர் தர இயலாமல் போகலாம். அவரிடம் பயிற்சி பெற்றிருந்தால், பயிற்சியின் பெயரையும் தேதியையும் மட்டும் எழுதுங்கள். டிரையர் விற்பவரையே தொழில்நுட்ப ஆலோசகராகக் காட்டுவதும் சரியல்ல. இயந்திரம் உங்களுக்குப் பொருந்தாது என்று அவர் சொல்வாரா?

எழுதும் முறை

எல்லாம் சேர்ந்து அந்தப் பகுதி இப்படி அமையலாம்:

'எங்களில் ஒருவருக்கு முருங்கைச் சாகுபடியில் 18 ஆண்டும், மற்றவருக்குக் கணக்குப் பணியில் 3 ஆண்டும் அனுபவம் உண்டு. உணவு பதப்படுத்துவதில் இருவருக்கும் அனுபவம் இல்லை. உலர்த்தும் முறையை வகுக்க ஓய்வுபெற்ற உணவுத் தொழில்நுட்ப ஆசிரியர் 6 மாதத்துக்கு, மாதம் 2 நாள் வருவார். ஒப்புதல் கடிதம் இணைப்பில் உள்ளது. தினசரி உற்பத்தியைப் பார்க்க டிப்ளமோ படித்தவரை நியமிப்போம். விற்பனையில் எங்களுக்கு முன் அனுபவம் இல்லாததால், முதல் 3 மாதம் பாதி அளவிலேயே உற்பத்தி செய்வோம்.'

கடைசி வரியைக் கவனியுங்கள். ஆலோசகரால் நிரப்ப முடியாத குறைக்கு ஏற்றபடி உற்பத்தி அளவே குறைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் வரவு செலவுக் கணக்கில் முதல் மாதத்திலிருந்தே முழு உற்பத்தி காட்டியிருந்தால் இரண்டும் முரண்படும். அறிக்கையைக் கொடுக்கும் முன் இந்த இரண்டு பக்கங்களையும் அருகருகே வைத்து ஒரு முறை படித்துப் பாருங்கள். ஆலோசகரையும் படிக்கச் சொல்லுங்கள். தன்னைப் பற்றிய வரியில் அவர் ஏதாவது திருத்தினால், அதிகாரி கண்ணில் படும் முன்பே அது சரியாகிவிடும்.