எட்டு விசாரணையை வைத்து என்ன கற்க முடியும்?

கூகுள் விளம்பரத்துக்கு மாதம் 20,000 ரூபாய் ஒதுக்கும் ஒரு சிறு பயிற்சி நிலையத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு கிளிக் 25 ரூபாய் என்றால் 800 கிளிக். அதில் நூற்றுக்கு ஒருவர் விசாரணைப் படிவம் நிரப்பினால் எட்டு விசாரணை. ஒன்றுக்கு 2,500 ரூபாய் செலவு.

“ஒரு விசாரணைக்கு 1,000 ரூபாய் போதும்” என்று இலக்கு கொடுத்து, ஏலத்தைத் தானியங்கியிடம் விடலாம். யார் படிவம் நிரப்புவார் என்று கணித்து அது விலை கேட்கும். ஆனால் அது கற்க இருப்பது எட்டே எட்டு பேர். எதுவுமே மாறாமல் அடுத்த மாதம் நான்கோ பன்னிரண்டோ வரலாம்; தற்செயலை அது போக்கென்று எடுத்துக்கொள்ளக்கூடும். இலக்கும் எட்டாதது என்பதால் ஏலத்தொகையைக் குறைத்துக்கொண்டே போகும். விளம்பரம் தோன்றுவது சரியும், பட்ஜெட் செலவாகாமல் கிடக்கும். நோயின் அடையாளம் அதுதான்.

இந்த நிலையில் நான் கைமுறை ஏலத்தையே சொல்வேன். ஒரு விசாரணைக்கு 2,000 ரூபாய்தான் கட்டுப்படியாகும் என்றால், அதில் ஒரு சதவீதம், 20 ரூபாய், கிளிக்குக்கான உச்சவரம்பு. ஒவ்வொரு தேடலின் நேரத்தையும் ஆளையும் பார்த்து விலையை மாற்ற இதனால் முடியாது. அந்த இழப்பு உண்மைதான்.

மாதம் 30 விசாரணையை நெருங்கியபின் தானியங்கிக்கு மாறலாம். அப்போதும் முதல் இலக்கு ஆசைப்பட்ட தொகையாக இல்லாமல், அதுவரை உண்மையில் ஆன செலவாக இருக்கட்டும்.