டீலர்ஷிப் வேலைக்கு மெக்கானிக்கின் பயோடேட்டா: எழுத வேண்டியதும் கையெழுத்திடக் கூடாததும்

புதுச்சேரியிலிருந்து வில்லியனூர் வழியாக விழுப்புரம் போகும் சாலையில் இருக்கிறது ரெட்டியார்பாளையம். அங்கிருந்து ஒரு கார் டீலர்ஷிப்புக்கு விண்ணப்பிக்கும் டெக்னீசியன் ஒருவரை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். ஐ.டி.ஐ.யில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு முடித்தவர். ஆறு ஆண்டுகளாக எல்லா கம்பெனி வண்டியும் வரும் ஒர்க்‌ஷாப்பில் வேலை. விளம்பரத்தில் இரண்டு வரிகள் அவரைத் தயங்க வைக்கின்றன: டயக்னாஸ்டிக் டூல் கையாளத் தெரிந்திருக்க வேண்டும், கம்பெனி டிரெயினிங் முடித்திருக்க வேண்டும். இந்த இடத்தில் சிலர் விண்ணப்பமே போடாமல் விட்டுவிடுகிறார்கள். சிலர் இல்லாத பயிற்சியை இருப்பதாக எழுதிவிடுகிறார்கள். முதலாமவருக்கு ஒரு வேலை போகிறது, இரண்டாமவருக்கு அதைவிடப் பெரிய ஆபத்து காத்திருக்கிறது.

ஸ்கேனர் விஷயத்தில் அவரிடம் உண்மையிலேயே அனுபவம் இருக்கிறது. ஆனால் பயோடேட்டாவில் “ஸ்கேனர் தெரியும்” என்று இரண்டே சொல்லில் முடித்திருக்கிறார். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள பதினாறு பின் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகி ஃபால்ட் கோடு படித்து அழிப்பது எவருக்கும் வரும். டீலர்ஷிப் கேட்பது கோடு வந்த பிறகு நீங்கள் என்ன யோசித்தீர்கள் என்பதை. காற்றின் அளவை எம்.ஏ.எஃப். சென்சாரால் அளக்கும் ஒரு பெட்ரோல் கார் P0171 கோடுடன் வருகிறது என்று வையுங்கள். கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்பது அதன் பொருள். உடனே ஆக்சிஜன் சென்சாரை மாற்றுகிறவர்கள் உண்டு. வாடிக்கையாளரின் பணம் போகும், கோடு திரும்ப வரும். நம்முடைய டெக்னீசியன் லைவ் டேட்டாவைத் திறந்து ஃபியூயல் டிரிம் பார்த்தார். ஐடிலில் +22 சதவீதம், 2,500 ஆர்.பி.எம்.மில் +4. வேகம் கூடும்போது டிரிம் இறங்கினால் சந்தேகம் காற்றுக் கசிவின் மேல்தான் விழ வேண்டும். பெட்ரோல் பம்ப் சோர்ந்திருந்தால் லோடு கூடக்கூட டிரிம் ஏறும். புகை விட்டுப் பார்த்ததில் பி.சி.வி. குழாய் வெடித்திருந்தது. குழாயை மாற்றி, வண்டியை ஓட்டிப் பார்த்து, டிரிம் இயல்புக்குத் திரும்பியதை உறுதி செய்த பிறகே கோடை அழித்தார்.

பயோடேட்டாவில் வர வேண்டியது இதுதான், இரண்டு மூன்று வரியாகச் சுருக்கி. கூடவே எந்த ஸ்கேனர், எத்தனை ஆண்டு, எந்தெந்த வேலை என்பதையும் எழுத வேண்டும்: கோடு படிப்பது மட்டுமா, லைவ் டேட்டாவுமா, ஆக்சுவேட்டர் டெஸ்டுமா, சாவி கோடிங்குமா. டொயோட்டாவுக்கு டெக்ஸ்ட்ரீம், ஹூண்டாய்க்கு ஜி.டி.எஸ். என்று ஒவ்வொரு கம்பெனிக்கும் தனிக் கருவி உண்டு. அதைத் தொட்டதில்லை என்றால், பல கம்பெனி வண்டிகளுக்கான பொதுக் கருவியில்தான் அனுபவம் என்று அப்படியே எழுதுங்கள். செயல்முறைத் தேர்வில் கருவியைக் கையில் கொடுத்த ஐந்தாவது நிமிடத்தில் பொய் வெளிப்பட்டுவிடும்.

கம்பெனி டிரெயினிங் வேறு சங்கதி. பெரும்பாலும் அது வெளியே காசு கொடுத்துச் சேரும் வகுப்பு அல்ல. ஒரு டீலரிடம் வேலையில் இருப்பவரை அந்த டீலரே கம்பெனியின் பயிற்சி மையத்துக்கு அனுப்புவார்; தேர்ச்சி அவருடைய பெயரில் கம்பெனியின் கணக்கில் ஏறும். டொயோட்டாவில் டெக்னீசியன், புரொஃபஷனல் டெக்னீசியன், டயக்னாசிஸ் டெக்னீசியன், டயக்னாசிஸ் மாஸ்டர் டெக்னீசியன் என்று நான்கு படிகள். ஆகவே வெளியிலிருந்து வருபவரிடம் அது இல்லாதது குறையே அல்ல. “கம்பெனி பயிற்சி பெறவில்லை, அனுப்பினால் முடிக்கத் தயார்” என்று ஒரு வரி எழுதி, அதன் கீழே ஐ.டி.ஐ.யின் தேசியத் தொழிற் சான்றிதழ், அப்ரென்டிஸ் முடித்திருந்தால் அந்தச் சான்றிதழ் இரண்டையும் குறிப்பிடலாம். விளம்பரம் கொடுத்த டீலருக்குப் போன் போட்டு விசாரிப்பதும் எளிது. விளம்பரத்தில் ‘கட்டாயம்’ என்றிருக்கிறதா, ‘இருந்தால் முன்னுரிமை’ என்றிருக்கிறதா என்று ஒருமுறை நிதானமாகப் படியுங்கள்.

இல்லாத பயிற்சியை எழுதுவதன் ஆபத்து வேலை போவதோடு நிற்காது. போலிச் சான்றிதழை உண்மையானதாகக் காட்டுவது பாரதிய நியாய சன்ஹிதா 340-வது பிரிவின்படி குற்றம். ஹைபிரிட், மின்சாரக் கார்களில் உயிருக்கே ஆபத்து. பேட்டரியில் நூற்றுக்கணக்கான வோல்ட் மின்சாரம் இருக்கும். சர்வீஸ் பிளக்கைக் கழற்றிய பின்னும் கெப்பாசிட்டரில் மின்னூட்டம் தங்கியிருக்கும் என்பதால் டொயோட்டா ஹைபிரிட் வண்டிகளில் பத்து நிமிடம் காத்திருக்கச் சொல்கிறார்கள். இந்த ஒழுங்கைக் கற்காதவர் “ஈ.வி. அனுபவம் உண்டு” என்று எழுதிக்கொண்டு போய்க் கை வைக்கக் கூடாது.

டீலர்ஷிப் வேலை மீதான ஆசையைக் குறிவைத்து வாட்ஸ்ஆப்பில் மோசடி விளம்பரங்களும் வருகின்றன. பெரிய கார் கம்பெனியின் சின்னம் இருக்கும்; பயிற்சிக் கட்டணம், யூனிஃபார்ம், டெபாசிட் என்று முன்பணம் கேட்பார்கள். முன்பணம் கேட்டாலே விலகிவிடுங்கள். ஷோரூமுக்கு நேரில் போய் மனிதவளப் பிரிவில் கேட்டால் உண்மை தெரிந்துவிடும். பணம் அனுப்பிவிட்டீர்கள் என்றால் தாமதிக்காமல் 1930 எண்ணுக்குப் பேசி, cybercrime.gov.in தளத்திலும் புகார் பதியுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் முடக்க முடிவது ஆரம்ப மணி நேரங்களில்தான்.

வேலை கிடைத்து, கம்பெனி பயிற்சிக்கும் அனுப்பப் போகிறார்கள் என்றால் பாண்ட் பத்திரம் வரும். பாண்ட் எதுவும் செல்லாது என்று பலர் சொல்வது சரியல்ல. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் ஏற்றது. அது பொதுத்துறை வங்கி, ஆளெடுக்கும் செலவு வேறு என்பதும் அந்தத் தீர்ப்பில் பேசப்பட்டது. அதேசமயம் இந்திய ஒப்பந்தச் சட்டம் 74-வது பிரிவு நியாயமான இழப்பீட்டைத்தான் அனுமதிக்கிறது. ஐந்து நாள் பயிற்சிக்கு மூன்று லட்சம் என்றால் கேள்வி கேட்கலாம். கையெழுத்துக்கு முன் பயிற்சிச் செலவு எவ்வளவு, மாதம் போகப்போகத் தொகை குறையுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். வேலையை விட்ட பிறகு வேறு டீலரிடம் சேரக் கூடாது என்ற வரி அந்தச் சட்டத்தின் 27-வது பிரிவின்படி செல்லாது.

பாண்டுக்கு ஈடாகக் கேட்டாலும் அசல் சான்றிதழைக் கொடுக்காதீர்கள். சரிபார்க்கக் காட்டிவிட்டு நகலைக் கொடுத்தால் போதும். கல்லூரிகள் சான்றிதழைப் பிடித்துவைத்த வழக்குகளில், அது பணத்துக்கு ஈடாக வைத்துக்கொள்ளும் பொருள் அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. புதுச்சேரியும் அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள்தான் வருகிறது. ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் பதிவுத் தபாலில் திருப்பிக் கேட்டு, ரசீதை வைத்துக்கொண்டு, காந்தி நகரில் உள்ள தொழிலாளர் துறைக்கு மனு கொடுங்கள். சட்டப் பணிகள் ஆணையத்தை 15100 எண்ணில் அழைக்கலாம். தொழிலாளர்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச வழக்கறிஞர் உதவி பெறும் தகுதி 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டங்களின்படி நியமனக் கடிதம் கட்டாயம். விலகினால் இரண்டு வேலை நாளுக்குள் சம்பளப் பாக்கியைத் தீர்க்க வேண்டும்.

பழைய முதலாளி அனுபவக் கடிதம் தர மறுத்தால் பி.எஃப். கணக்கு கை கொடுக்கும். அதன் பணி வரலாற்றுப் பக்கத்தில் நிறுவனத்தின் பெயரும் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் இருக்கும். விலகிய தேதியை அவர் பதியாமல் விட்டிருந்தால், கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் கழித்து, ஆதார் இணைந்த கைபேசிக்கு வரும் ஓ.டி.பி.யைக் கொண்டு Mark Exit என்ற இடத்தில் நீங்களே பதியலாம். பி.எஃப். இல்லாத சிறிய ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர்கள் சம்பளம் வந்த வங்கிப் பதிவுகளையும், தங்கள் பெயர் உள்ள ஜாப் கார்டு நகல்களையும் வாடிக்கையாளரின் பெயர், எண்ணை மறைத்து எடுத்துவைத்துக்கொள்ளலாம்.